டேர்ம் பிரீமியம்: மாதாமாதமா, ஆண்டுக்கு ஒருமுறையா, பத்தாண்டில் முடிப்பதா?

கேள்வி: எனக்கு 35 வயது. 65 வயது வரை, அதாவது 30 ஆண்டுகளுக்கு, ஒரு கோடிக்கு டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கப் போகிறேன். மாதம் 1,312.50, அல்லது ஆண்டுக்கு 15,000, அல்லது ஆண்டுக்கு 30,000 வீதம் பத்தே ஆண்டுகள் என்று மூன்று விதமாகப் பிரீமியம் சொல்கிறார்கள். பத்தாண்டில் கட்டி முடித்தால் மொத்தத்தில் ஒன்றரை லட்சம் மிச்சம் என்கிறார் முகவர். வீட்டுக் கடன் இன்னும் 14 ஆண்டு இருக்கிறது, வட்டி 8.5 சதவீதம். ஆண்டுக்கு ஒருமுறை ஊக்கத்தொகை வரும். எதைத் தேர்ந்தெடுக்கலாம்?

பதில்: உங்கள் நிலையில் ஆண்டுப் பிரீமியமே சரி. முகவர் சொன்ன ஒன்றரை லட்சம் பொய்யான கணக்கு அல்ல. ஆண்டுக்கு 15,000 வீதம் 30 ஆண்டுகள் கட்டினால் மொத்தம் 4,50,000. ஆண்டுக்கு 30,000 வீதம் 10 ஆண்டுகள் கட்டினால் 3,00,000. கூட்டலில் பிழையே இல்லை. ஆனால் இன்று கையை விட்டுப் போகும் 15,000-ஐயும் இருபத்தைந்து ஆண்டு கழித்துப் போகப்போகும் 15,000-ஐயும் ஒரே மதிப்புள்ளவையாகக் கருதிக் கூட்டியிருப்பதால், அந்த விடையை வைத்து முடிவெடுக்க முடியாது. மாதத் தவணையிலும் இதே சிக்கல் சிறிய அளவில் இருப்பதால், அதை முதலில் பார்த்துவிடுவோம்.

1,312.50-ஐப் பன்னிரண்டால் பெருக்கினால் 15,750 வருகிறது. ஆண்டுப் பிரீமியத்தைவிட 750 அதிகம், அதாவது 5 சதவீதம். இந்த எண் எங்கிருந்து வருகிறதென்றால், காப்பீட்டு நிறுவனம் ஆண்டுப் பிரீமியத்தை ஒரு குறிப்பிட்ட காரணியால் பெருக்கித்தான் மாதத் தவணையை நிர்ணயிக்கிறது. உங்களுக்குத் தந்திருக்கும் தவணையில் அந்தக் காரணி 0.0875. கூடுதல் கட்டணம் ஏதுமில்லாமல் பன்னிரண்டாகப் பிரித்திருந்தால் அது 0.0833 ஆக இருந்திருக்கும். காரணி நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும் என்பதால், எந்தப் பாலிசியை ஒப்பிட்டாலும் மாதத் தவணையை ஆண்டுப் பிரீமியத்தால் வகுத்துப் பாருங்கள். 0.0833-க்கு அருகில் இருந்தால் மாதாமாதம் கட்டுவதால் பண நட்டம் எதுவும் இல்லை.

இப்போது அந்த 5 சதவீதத்தைக் கவனியுங்கள். பெரும்பாலோர் இதை ஆண்டுக்கு 5 சதவீத வட்டி என்று எடுத்துக்கொண்டு, அது மலிவுதானே என்று விட்டுவிடுகிறார்கள். ஆனால் ஆண்டுத் தொடக்கத்தில் 15,000 கட்ட வேண்டிய இடத்தில் 1,312.50 மட்டும் கட்டும்போது, நிறுவனம் உங்களுக்குக் கடனாக விட்டுவைப்பது 13,687.50 மட்டுமே. அதுவும் மாதாமாதம் குறைந்துகொண்டே வந்து பதினோராவது மாதத்தில் தீர்ந்துவிடுகிறது. ஆண்டு முழுவதும் சராசரியாக உங்கள் கையில் நிற்கும் கடன் ஏறத்தாழ 7,000-தான். அந்த ஏழாயிரத்துக்கு 750 வட்டி என்றால் விகிதம் ஐந்தைவிட இரண்டு மடங்குக்கும் சற்று மேலே போய்விடுகிறது. எக்செல் போன்ற விரிதாளில் இதைத் துல்லியமாகப் பார்க்கலாம்:

```
=RATE(12,-1312.5,15000,0,1)*12
```

விடை ஆண்டுக்கு ஏறத்தாழ 10.8 சதவீதம் என்று வரும். உங்கள் வீட்டுக் கடனைவிட விலை கூடிய கடன் இது. ஆண்டுக்கு ஒருமுறை ஊக்கத்தொகை வரும் உங்களுக்கு இப்படியொரு கடன் தேவையே இல்லை. முப்பது ஆண்டும் மாதாமாதம் கட்டினால் மொத்தம் 4,72,500 ஆகும். ஆண்டுக் கணக்கைவிட 22,500 கூடுதல்.

பணத்தைவிட எனக்குப் பெரிதாகப் படுவது மாதத் தவணையின் இன்னொரு பக்கம். 30 ஆண்டுகளில் ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 கெடு நாட்கள் உண்டு. மாதத் தவணைக்கு 360. ஒவ்வொரு கெடு நாளிலும் தானியங்கிப் பற்று தவறிப்போக வாய்ப்பிருக்கிறது. கெடு நாளுக்குப் பின் தரப்படும் சலுகை நாட்களும் மாதத் தவணைக்குக் குறைவு: ஆண்டுப் பிரீமியத்துக்கு 30 நாள் தரும் பல ஒப்பந்தங்கள் மாதத் தவணைக்கு 15 நாள் மட்டுமே தருகின்றன. என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஒருவர் வேலை மாறியபோது சம்பளக் கணக்கும் மாறியது. பழைய கணக்கில் பணம் இல்லாததால் இரண்டு தவணைகள் திரும்பிவிட்டன. நினைவூட்டல்கள் அவர் பார்க்காமல் விட்டிருந்த பழைய மின்னஞ்சல் முகவரிக்குப் போய்க்கொண்டிருந்தன. நான்கு மாதம் கழித்துத்தான் பாலிசி காலாவதியாகியிருப்பது அவருக்குத் தெரிந்தது. புதுப்பிக்க விண்ணப்பித்தபோது மருத்துவப் பரிசோதனை கேட்டார்கள். பாலிசி எடுத்தபோது இல்லாத சர்க்கரை நோய் அதில் தெரிந்தது. பிரீமியத்தைக் கூட்டித்தான் புதுப்பித்துக் கொடுத்தார்கள். அந்த நான்கு மாதங்களில் அவருக்கு ஏதாவது நேர்ந்திருந்தால் குடும்பத்துக்கு ஒன்றும் கிடைத்திருக்காது என்பதை அவர் மனைவி என் முன்னால் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்த அந்த அரை மணி நேரம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

மாதத் தவணைக்கு ஒரு நியாயமும் உண்டு. ஒரே நேரத்தில் 15,000 புரட்ட முடியாதவருக்குப் பாலிசியே இல்லாமல் இருப்பதைவிட 10.8 சதவீத வட்டி ஒன்றும் பெரிதல்ல. ஆண்டின் நடுவில் இறப்பு நேர்ந்தால் மாதாமாதம் கட்டியவர் குறைவாகத்தானே கட்டியிருப்பார் என்றும் சிலர் கேட்பதுண்டு. ஆனால் சில ஒப்பந்தங்களில் அந்தப் பாலிசி ஆண்டில் மீதமுள்ள தவணைகளைக் கழித்துக்கொண்டே இழப்பீட்டுத் தொகையைத் தருவார்கள். ஆகவே அந்த ஆதாயம் உறுதியானதல்ல.

இனி பத்தாண்டுத் திட்டத்துக்கு வருவோம். லிமிடெட் பே என்று சொல்லப்படும் இதில் காப்பீட்டுக் காலம் அதே 30 ஆண்டுகள்தான்; பிரீமியம் கட்டும் காலம் மட்டும் சுருங்குகிறது. இரண்டு திட்டங்களையும் அருகருகே வைத்து ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துப் பாருங்கள். முதல் பத்து ஆண்டுகளுக்கு நீங்கள் ஆண்டுதோறும் 15,000 கூடுதலாகக் கட்டுகிறீர்கள். பதினோராம் ஆண்டிலிருந்து முப்பதாம் ஆண்டு வரை, இருபது ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 15,000 கட்டாமல் தவிர்க்கிறீர்கள். ஆக, நிறுவனத்திடம் பத்து முறை பணம் போட்டு வைத்து இருபது முறை திரும்பப் பெறுகிற ஒரு சேமிப்பைப் போன்றதுதான் இது. எந்தச் சேமிப்பைப் பற்றியும் கேட்கிற கேள்வியை இதைப் பற்றியும் கேட்கலாம்: இதற்கு எவ்வளவு வட்டி கிடைக்கிறது?

விரிதாளில் A1 முதல் A10 வரை -15000 என்றும், A11 முதல் A30 வரை 15000 என்றும் நிரப்பிவிட்டு, வேறொரு கட்டத்தில் இதைப் போடுங்கள்:

```
=IRR(A1:A30)
```

4.93 சதவீதம் என்று விடை வரும். முகவர் சொன்ன ஒன்றரை லட்ச மிச்சம் முழுவதும் ஆண்டுக்கு 4.93 சதவீத வட்டிதான். இதைவிட அதிகமாக, வரி போக, நம்பகமான ஓரிடத்தில் உங்கள் பணம் ஈட்டுமானால் ஆண்டுப் பிரீமியம் லாபம். அவ்வளவு ஈட்டாதென்றால் பத்தாண்டுத் திட்டம் லாபம்.

இந்த எண் கையில் எப்படி வேலை செய்கிறது என்பதை இரண்டு வட்டி விகிதங்களில் பார்க்கலாம். நீங்கள் ஆண்டுப் பிரீமியத்தைத் தேர்ந்தெடுத்து, பத்தாண்டுத் திட்டத்துக்குப் போயிருக்கக்கூடிய அந்தக் கூடுதல் 15,000-ஐ ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 6 சதவீத வட்டியில் தனியே போட்டு வருகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டு முடிவில் அது ஏறத்தாழ 2,09,600 ஆகியிருக்கும். அதன்பின் ஒரு பைசாகூடப் புதிதாகப் போடாமல், அந்தத் தொகையிலிருந்தே மீதி இருபது ஆண்டுப் பிரீமியத்தையும் கட்டிவிடலாம். கட்டி முடித்து 30 ஆண்டு நிறைவுறும்போது ஏறத்தாழ 87,000 உங்களிடம் மிச்சம் இருக்கும். இதே வேலையை 4 சதவீத வட்டியில் செய்தால் கதை மாறிவிடுகிறது. பத்து ஆண்டு முடிவில் சேர்ந்திருப்பது ஏறத்தாழ 1,87,300. அது 26-ஆம் ஆண்டுப் பிரீமியம் வரை தாங்கி, 27-ஆம் ஆண்டில் பற்றாக்குறையில் வந்து நிற்கும். அப்போது பத்தாண்டுத் திட்டத்தை எடுத்தவர் செய்ததுதான் சரி.

உங்களுக்கு இதைவிட எளிமையான அளவுகோல் ஒன்று கைவசம் இருக்கிறது. 8.5 சதவீத வட்டியில் வீட்டுக் கடன் வைத்திருக்கும் ஒருவர், 4.93 சதவீதம் தரும் இடத்தில் பணத்தைப் போடுவதற்குக் காரணமே இல்லை. அந்தக் கூடுதல் 15,000-ஐ ஆண்டுதோறும் கடன் அசலில் முன்கூட்டியே கட்டி வந்தால், பத்து ஆண்டு முடிவில் உங்கள் கடன் பாக்கி, கட்டாமல் இருந்திருந்தால் இருக்கும் பாக்கியைவிட 2,40,000-க்கு மேல் குறைந்திருக்கும். நீங்கள் போட்டதோ 1,50,000. கடனும் 14 ஆண்டு நிறைவதற்கு முன்பே முடிந்துவிடும். அதன்பின் விடுபடும் மாதத் தவணைத் தொகைக்கு முன்னால் ஆண்டுக்கு 15,000 பிரீமியம் பாரமாகவே தெரியாது. உங்கள் வங்கி பகுதி முன்செலுத்தலுக்குக் கட்டணம் வாங்குமா, அசலில்தான் வரவு வைக்குமா என்பதை மட்டும் முதலில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள்.

மேற்கண்ட கணக்குகள் எல்லாம் நீங்கள் 65 வயது வரை வாழ்ந்து, பாலிசியையும் கடைசி வரை வைத்திருப்பீர்கள் என்று எடுத்துக்கொண்டு போட்டவை. டேர்ம் பாலிசியை நாம் எடுப்பதோ, அப்படி நடக்காமல் போகலாம் என்பதற்காகத்தான். பன்னிரண்டாம் ஆண்டில் இறப்பு நேர்ந்தால் எந்த முறையில் கட்டியிருந்தாலும் குடும்பத்துக்குக் கிடைப்பது அதே ஒரு கோடிதான். ஆனால் ஆண்டுப் பிரீமியம் கட்டியவர் அதுவரை 1,80,000 கட்டியிருப்பார். பத்தாண்டில் முடித்தவர் 3,00,000 கட்டியிருப்பார். வெறும் கூட்டலிலேயே பார்த்தாலும் இருபதாம் ஆண்டுப் பிரீமியத்தைக் கட்டும்போதுதான் இரண்டும் சமமாகின்றன. அதற்கு முன் நிகழும் இறப்பு எதிலும் முன்கூட்டிக் கட்டிய பணம் திரும்பி வராது. இந்தச் சாத்தியத்தையும் சேர்த்துக்கொண்டால் 4.93 சதவீதம் என்பது இன்னும் சற்றுக் குறையும்.

இறப்பைவிட அடிக்கடி நான் பார்ப்பது, பாலிசி தேவைப்படாமல் போவது. கடன் தீர்ந்து, பிள்ளைகள் சம்பாதிக்கத் தொடங்கி, ஓய்வுக்காலச் சேமிப்பும் போதுமான அளவு சேர்ந்துவிட்ட ஒருவருக்கு 55, 57 வயதில் ஒரு கோடிக் காப்பீடு அவசியமில்லாமல் போகலாம். ஆண்டுப் பிரீமியம் கட்டுபவர் அடுத்த பிரீமியத்தைக் கட்டாமல் விட்டால் போதும்; வேறு இழப்பு இல்லை. உதாரணமாக 51 வயதில், 16 பிரீமியங்களோடு நிறுத்தினால் அவர் கட்டியது 2,40,000. பத்தாண்டில் முடித்தவர் 45 வயதிலேயே 3,00,000 கட்டிவிட்டார்; மீதிக் காலத்துக்கான பணம் நிறுவனத்திடம் இருக்கிறது. சில ஒப்பந்தங்களில், பாதியில் ஒப்படைத்தால் எஞ்சிய காலத்தின் விகிதத்தில் ஒரு பகுதியைத் திருப்பித் தருவார்கள். சிலவற்றில் ஒன்றும் தரமாட்டார்கள். தருவதாக இருந்தாலும் விகிதப்படியான முழுத் தொகையைத் தருவார்கள் என்று எண்ண வேண்டாம். பத்தாண்டுத் திட்டத்தை எடுக்கும் எவரும் பாலிசி ஆவணத்தில் சரண்டர் பற்றிய பத்தியைத் தேடிப் படித்து, பதினாறாம் ஆண்டில் நிறுத்தினால் எவ்வளவு வரும் என்பதை முகவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

எதிர்த்திசையிலும் ஒரு ஆபத்து உண்டு. ஆண்டுக்கு 30,000 என்பதை முதல் பத்து ஆண்டுகளுக்குத் தவறாமல் கட்டியாக வேண்டும். உங்கள் வாழ்க்கையில் செலவு மிகுந்த ஆண்டுகளும் அவையே: வீட்டுக் கடன், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் எல்லாம் ஒன்றாக நிற்கும் காலம். நான்காம் ஆண்டில் வேலை போய், ஐந்தாம் ஆண்டுப் பிரீமியத்தைக் கட்ட முடியாமல் போனால், 15,000 புரட்டுவதற்கும் 30,000 புரட்டுவதற்கும் உள்ள வித்தியாசத்தில் பாலிசியே கைநழுவிப் போகலாம்.

அப்படியானால் பத்தாண்டுத் திட்டம் யாருக்கு? வருமானமே சில ஆண்டுகளில் நின்றுவிடும் என்று தெரிந்தவர்களுக்கு அதை நானே பரிந்துரைத்திருக்கிறேன். ஒப்பந்தப் பணியில் எட்டு, பத்து ஆண்டுகள் நன்றாகச் சம்பாதித்துவிட்டுத் திரும்பப் போகிறவர், விளையாட்டு வீரர், 45 வயதில் வேலையை விட்டுவிடத் தீர்மானித்திருப்பவர் ஆகியோருக்கு, சம்பாதிக்கும் காலத்திலேயே பிரீமியத்தை முடித்துவிடுவது பாதுகாப்பு. கடன் எதுவும் இல்லாமல், மிச்சப் பணத்தைக் குறைந்த வட்டிச் சேமிப்புக் கணக்கிலேயே போட்டு வைக்கும் பழக்கம் உள்ளவருக்கும் 4.93 சதவீதம் மோசமில்லை. கையில் பணம் இருந்தால் செலவாகிவிடும், அதனால் கட்டி முடித்துவிடுகிறேன் என்று சொல்பவர்களும் உண்டு. அது உண்மையான காரணம்தான், நான் மறுப்பதில்லை. ஆனால் மாதாமாதம் வீட்டுக் கடனைத் தவறாமல் கட்டிவரும் உங்களுக்கு அது பொருந்துமா என்று நீங்களே யோசியுங்கள்.

இந்த 4.93 சதவீதம் உங்களுக்குச் சொல்லப்பட்ட பிரீமியங்களுக்கு மட்டுமே பொருந்தும். பத்தாண்டுப் பிரீமியம் 30,000-க்குப் பதில் 27,000 என்று வேறொரு நிறுவனம் சொன்னால் வட்டி உயரும். 34,000 என்றால் இறங்கும். அதனால் வேறொரு திட்டத்தைப் பார்த்தால், முதல் பத்துக் கட்டங்களில் கூடுதலாகக் கட்டும் தொகையையும், அடுத்த இருபதில் தவிர்க்கும் தொகையையும் மாற்றிப் போட்டு, அதே ஃபார்முலாவை ஓடவிடுங்கள். 8.5 சதவீதத்தைத் தாண்டினால் மட்டும் எனக்கு மறுபடி எழுதுங்கள். அதுவரை என் பதில் மாறாது.

மொத்தத் தொகையைக் குறைக்க வேண்டும் என்பதுதான் உங்கள் நோக்கமென்றால், கட்டும் முறையை மாற்றுவதைவிடக் காப்பீட்டுக் காலத்தை ஒருமுறை பரிசீலிப்பது நல்லது. 65 வயது வரை வேண்டும் என்று எப்படித் தீர்மானித்தீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. 60 வயதில் ஓய்வு பெறுவதாக இருந்து, கடனும் அதற்குள் தீர்ந்துவிடுமென்றால், 60 வயது வரைக்கும் ஒரு பிரீமியம் கேட்டுப் பாருங்கள். இறப்பு வாய்ப்பு மிக அதிகமாக உள்ள கடைசி ஐந்து ஆண்டுகளின் செலவையும் சமமான பிரீமியத்தில் முதல் ஆண்டிலிருந்தே நீங்கள் சுமப்பதால், அவற்றை நீக்கினால் ஆண்டுப் பிரீமியமும் குறையும், கட்டும் ஆண்டுகளும் குறையும்.

கடைசியாக, கெடு நாள். பாலிசி தொடங்கும் தேதியே ஆண்டுதோறும் பிரீமியம் கட்ட வேண்டிய தேதியாகிவிடும் என்பதால், ஊக்கத்தொகை வந்த அடுத்த சில வாரங்களில் அது அமைவது உங்களுக்கு வசதி. ஆனால் அதற்காக மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். இடையில் உங்கள் வயது ஒன்று கூடினால் பிரீமியம் கூடிவிடும், அந்தக் கூடுதல் 30 ஆண்டும் தொடரும். அதைவிட முக்கியமாக, காத்திருக்கும் மாதங்களில் காப்பீடே இருக்காது. ஊக்கத்தொகைக்கு இன்னும் நாளிருந்து, 15,000 இப்போது கையில் இல்லையென்றால், மாதத் தவணையிலேயே இன்று தொடங்கிவிடுங்கள். பாலிசியின் ஆண்டு நிறைவு நாளில் மாதத் தவணையிலிருந்து ஆண்டுப் பிரீமியத்துக்கு மாறிக்கொள்ளப் பல ஒப்பந்தங்கள் அனுமதிக்கின்றன. உங்களுடையது அனுமதிக்கிறதா என்று கையெழுத்திடும் முன் பார்த்துக்கொண்டு, ஊக்கத்தொகை வந்ததும் ஒரு பிரீமியத்துக்கான பணத்தைத் தனியே எடுத்து வைத்து, நிறைவு நாளுக்கு ஒரு மாதம் முன்பாகவே முறை மாற்றத்துக்கான விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள். முதல் ஆண்டில் உங்களுக்கு ஆகும் கூடுதல் செலவு அந்த 750 மட்டுமே.